பேட்டரி விளக்கு எரிகிறதா? டைனமோவைக் கழற்றும் முன் மல்டிமீட்டரில் பார்க்க வேண்டியவை

மீட்டர் போர்டில் பேட்டரிப் படம் சிவப்பாக எரிவதைப் பார்த்துப் புதிய பேட்டரியை வாங்கிப் பொருத்திவிட்டு, இரண்டு நாளில் அதே விளக்கோடு என் பட்டறைக்கு வந்தவர்கள் பலர். அந்த விளக்கு பேட்டரி கெட்டுவிட்டதாகச் சொல்வதில்லை. ஆல்டர்னேட்டர், அதாவது நம் வழக்கில் டைனமோ, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் வழியில் ஏதோ குறை என்று மட்டுமே சொல்கிறது. டைனமோ வேலை செய்யாததற்கும், அது உண்டாக்கிய மின்சாரம் பேட்டரிக்கு வந்து சேராததற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கு சொல்லாது, மல்டிமீட்டர் சொல்லும். அதற்குப் பேட்டரியில் ஓரிடமும் டைனமோவின் முதுகில் ஓரிடமுமாக இரண்டு இடங்களில் அளக்க வேண்டும். பேட்டரியில் மட்டும் அளந்துவிட்டு டைனமோவைக் கழற்றுவதுதான் நான் அடிக்கடி காணும் தவறு.

இங்கே சொல்லப்படுபவை 12 வோல்ட் பேட்டரி உள்ள பெட்ரோல், டீசல் கார்களுக்குப் பொருந்தும். கணினியின் கட்டுப்பாட்டில் சார்ஜ் ஏற்றும் புதிய கார்களைப் பற்றித் தனியே பின்னால் எழுதியிருக்கிறேன்.

## ஓட்டிக்கொண்டிருக்கும்போது விளக்கு எரிந்தால்

மல்டிமீட்டரைத் தேடுவதற்கு முன் வெப்ப முள்ளைப் பாருங்கள். பல கார்களில் டைனமோவைச் சுற்றும் பெல்ட்டே தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. விளக்கு எரிவதோடு முள்ளும் ஏறினால் பெல்ட் அறுந்திருக்கிறது என்று கொண்டு, அப்போதே ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர் ஓட்டினாலும் ஹெட் கேஸ்கட்டுக்குச் செலவு வைக்க நேரலாம். பழைய டீசல் வண்டிகள் சிலவற்றில் பிரேக்குக்கான வாக்குவம் பம்ப் டைனமோவின் பின்புறத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும். அத்தகைய வண்டியில் பெல்ட் அறுந்தால் நான்கைந்து மிதிகளுக்குள் பிரேக் மிதி கல்லைப் போல் இறுகிவிடும். பவர் ஸ்டியரிங் திடீரெனக் கனத்தாலும் பெல்ட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இவை ஏதும் இல்லாவிட்டால் வண்டி பேட்டரியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஏசி, மியூசிக் சிஸ்டம், கண்ணாடி சூடேற்றி ஆகியவற்றை அணைத்துவிடுங்கள். சிறிய பெட்ரோல் காரில் இருக்கும் 35 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து பாதியைத்தான் நம்பலாம். இன்ஜினும் ரேடியேட்டர் விசிறியும் சேர்ந்து 20 ஆம்பியர் அளவுக்கு இழுத்தால் பகலில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே ஓடும். ஹெட்லைட் போட வேண்டிய இரவில் அரை மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். வழியில் எங்கும் இன்ஜினை அணைக்காதீர்கள். மறுபடி செல்ஃப் எடுக்கும் அளவுக்குப் பேட்டரியில் தெம்பு இல்லாமல் போகலாம்.

## அளப்பதற்கு முன்

மல்டிமீட்டரின் திருகியை 20 வோல்ட் டிசி அளவில் வையுங்கள். கருப்பு வயர் ‘காம்’ துளையிலும் சிவப்பு வயர் வோல்ட் துளையிலும் இருக்க வேண்டும். முன்பு எப்போதாவது ஆம்பியர் அளந்துவிட்டு, சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையிலேயே விட்டு வைத்திருந்து, அப்படியே பேட்டரியில் வைத்தால் அது நேரடி ஷார்ட். வயர் உருகிக் கையைச் சுட்டதை நான் பார்த்திருக்கிறேன். மீட்டருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துவரும் நிலையில் இருந்தால் மலிவான மீட்டர்கள் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். நிறுத்தி வைத்த காரின் பேட்டரியில் 13.5 என்று வந்தால், காரைச் சந்தேகிப்பதற்கு முன் மீட்டரின் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

இன்ஜின் ஓடும்போது அளக்க வேண்டியிருப்பதால் முழுக்கைச் சட்டை, கழுத்துத் துண்டு, தொங்கும் சங்கிலி எதுவும் ஆகாது. ரேடியேட்டர் விசிறி இன்ஜின் அணைந்திருக்கும்போதும் தானாகச் சுற்றத் தொடங்கக்கூடும். மீட்டரின் முனையைப் பேட்டரியில் ஈயக் கம்பத்தின் உச்சியிலேயே வைக்க வேண்டும், அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பின் மேல் அன்று. கம்பத்துக்கும் கிளாம்புக்கும் இடையே துரு இருந்தால் அதுவே ஒரு கோளாறு. கிளாம்பில் அளந்தால் அது கண்ணுக்குப் படாமல் போய்விடும்.

டைனமோ சார்ஜ் ஏற்றுகிறதா என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. கணினி இல்லாத வண்டிகளின் காலத்துப் பழக்கம் அது. இன்றைய காரில் அப்படிச் செய்தால் அந்த நொடியில் எழும் மிகையான வோல்டேஜ் இ.சி.எம். என்ற இன்ஜின் கணினியையும் டைனமோவின் டயோடுகளையும் எரித்துவிடக்கூடும். எந்த நிலையிலும் செய்ய வேண்டாம்.

## முதல் மூன்று அளவுகள்

முதல் அளவு, இரவு முழுதும் நின்ற வண்டியில் இன்ஜினைத் தொடாமல் எடுப்பது. 12.6 வோல்ட்டை ஒட்டி இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி என்றே கொள்ளலாம். வண்டியைச் சற்று முன்புதான் ஓட்டினீர்கள் என்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் போட்டு அணைத்து, சிறிது நேரம் கழித்து அளவெடுங்கள். இல்லாவிட்டால் மேலோட்டமான சார்ஜ் பொய்க்கணக்குக் காட்டும்.

இரண்டாவது, இன்ஜினை 1500 முதல் 2000 சுற்றில் ஒருவர் பிடித்திருக்க, வேறு எதையும் போடாமல் எடுப்பது. 13.8-க்கும் 14.5-க்கும் இடையே வர வேண்டும். சூடேற ஏற, டைனமோவின் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் தானே அதைச் சற்றுக் குறைக்கும்படி வடிவமைக்கப்பட்டிருப்பதால், சித்திரை வெயிலில் நீண்ட தூரம் ஓடி வந்த வண்டியில் 13.6 காட்டினாலும் அதைக் கோளாறு என்று சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, அதே சுற்றில் ஹெட்லைட்டின் ஹை பீம், ஏசி விசிறியின் முழு வேகம், பின் கண்ணாடி சூடேற்றி ஆகிய எல்லாவற்றையும் போட்டு எடுப்பது. சிறிது இறங்கலாம், ஆனால் 13.5-க்குக் கீழே போனால் ஏதோ ஒன்று சுமையைத் தாங்கவில்லை. மூன்றில் இதுதான் அதிகம் பேசும் அளவு. சுமை இல்லாமல் 14.2 காட்டிய டைனமோ, சுமை ஏறியதும் 12.7-க்கு விழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. முழுதும் காலியான பேட்டரியை ஜம்ப் வயர் போட்டுக் கிளப்பிய உடனே அளந்தால் 13 வோல்ட்டுக்கு மேல் ஏறாமல் நிற்கலாம். டைனமோ தன்னால் இயன்ற ஆம்பியர் முழுவதையும் காலிப் பேட்டரிக்குள் கொட்டிக்கொண்டிருக்கிறது, அது கெட்டுப்போகவில்லை. பேட்டரியை வெளிச் சார்ஜரில் நிறைத்துவிட்டுப் பிறகு அளப்பதே முறை.

## விளக்கு பளிச்சென்று எரிகிறது, பேட்டரியில் 12.5-க்குக் கீழே, நேரம் ஆக ஆக இறங்குகிறது

சார்ஜ் சிறிதும் ஏறவில்லை. செலவில்லாத காரணங்களிலிருந்து தொடங்குவோம்.

பெல்ட். இன்ஜினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, டைனமோவின் புல்லியைப் பெல்ட்டின் மேலேயே விரலால் திருகிப் பாருங்கள். பெல்ட் அசையாமல் புல்லி மட்டும் சுழன்றால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. பெல்ட்டின் உட்புறம் கண்ணாடிபோல் மினுங்கினால் அது வழுக்குகிறது. காலையில் முதல்முறை கிளப்பும்போது கீச்சென்ற ஓசை எழுந்து அடங்குவதும் அதன் அறிகுறிதான். சில வண்டிகளில் புல்லி ஒரு திசையில் தனியே சுழலும்படி உள்ளேயே கிளட்ச் வைத்திருப்பார்கள். அத்தகைய புல்லி ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் நழுவ வேண்டும். இரு பக்கமும் நழுவினால் புல்லிதான் போயிருக்கிறது, டைனமோ அன்று.

பெரிய பியூஸ். டைனமோவின் பின்புறம் ரப்பர் மூடிக்குள், நட்டு போட்டு இறுக்கிய தடித்த வயர் இருக்கும். பி பிளஸ் என்று சொல்லும் முனை அதுதான். இன்ஜின் அணைந்திருக்கும்போதே சிவப்பு முனையை அங்கேயும் கருப்பு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும் வையுங்கள். பேட்டரியில் உள்ள அதே வோல்டேஜ் அங்கும் வர வேண்டும். பூஜ்யம் வந்தால் இரண்டுக்கும் இடையே உள்ள பெரிய பியூஸ் அறுந்திருக்கிறது. அண்மையில் யாராவது பேட்டரியை மாற்றும்போதோ ஜம்ப் போடும்போதோ பிளஸ் மைனஸ் மாறித் தொட்டிருந்தால் முதலில் போவது இந்தப் பியூஸ்தான். பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, அதே ஆம்பியர் எண் கொண்ட பியூஸை மாற்ற வேண்டும். கம்பியைச் சுற்றிச் சமாளிப்பது தீயை அழைப்பதாகும். மாற்றியதும் மறுபடி அறுந்தால் டைனமோவுக்குள் டயோடு ஷார்ட் ஆகியிருக்கிறது என்று கொண்டு, அங்கேயே நிறுத்தி எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

பி பிளஸ் முனைக்குப் பேட்டரியிலிருந்து இடையே சுவிட்ச் ஏதும் இல்லாமல் எப்போதும் மின்சாரம் வருகிறது என்பதை மறக்க வேண்டாம். அங்கே ஸ்பானர் போட வேண்டுமானால் பேட்டரியின் மைனஸைக் கழற்றிய பிறகுதான்.

சிறிய சாக்கெட். தடித்த வயருக்கு அருகில் இரண்டு மூன்று மெல்லிய வயர்களோடு ஒரு பிளாஸ்டிக் சாக்கெட் இருக்கும். மீட்டர் போர்டு விளக்கின் வயர் இதில்தான் வருகிறது. சாவியை ஆன் நிலையில் வைத்து, இன்ஜினைக் கிளப்பாமல், இந்தச் சாக்கெட்டைப் பிடுங்குங்கள். சாதாரணப் பல்பு இணைப்புள்ள வண்டியில் விளக்கு அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் அந்த வயர் வழியில் எங்கோ உரசிப் பாடியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதனால் டைனமோவுக்குத் தொடக்கத் தூண்டல் போய்ச் சேராமல் சார்ஜும் ஏறாமல் இருக்கலாம். வயரைப் பின்தொடர்ந்து, இன்ஜினின் சூடான பகுதியையும் கூர்மையான விளிம்பையும் தொடும் இடங்களைத் தேடுங்கள். பிடுங்கிய சாக்கெட்டுக்குள் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் போட்டுத் துடைத்து, மாட்டி, மீண்டும் அளவெடுங்கள்.

கார்பனும் ரெகுலேட்டரும். மேலே உள்ளவை சரியாக இருந்தால் கோளாறு டைனமோவுக்குள் வந்துவிட்டது. கழற்றாமலே இன்னும் ஒரு சோதனை செய்யலாம். பழைய வகை வண்டியில், சாவி ஆன், இன்ஜின் ஓடாத நிலையில், ஒரு ஸ்க்ரூடிரைவரின் இரும்பு முனையைப் புல்லி நட்டின் அருகே கொண்டுபோங்கள். காந்தம் இழுப்பதை விரல் உணர வேண்டும். இழுப்பே இல்லை என்றால் உள்ளே சுழலும் ஆர்மேச்சருக்கு மின்சாரம் போகவில்லை; அதைக் கொண்டுசேர்க்கும் கார்பன் தேய்ந்திருக்கும், அல்லது ரெகுலேட்டர் போயிருக்கும். இழுப்பு இருந்தும் சார்ஜ் இல்லை என்றால் டயோடு பிளேட்டையும் காயிலையும் பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது டைனமோவின் உடம்பை மரக் கைப்பிடியால் மெதுவாகத் தட்டியதும் விளக்கு அணைந்தால், கார்பன் தன் கடைசி மில்லிமீட்டரில் இருக்கிறது. தட்டி ஓட்டிக்கொண்டே ஊர் போய்ச் சேரலாம் என்று எண்ண வேண்டாம். அது அதிக தூரம் வராது.

பல டைனமோக்களில் கார்பனும் ரெகுலேட்டரும் ஒரே துண்டாக வருவதால் இதை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் மாற்றும்போது கார்பன் உரசும் செப்பு வளையங்களில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பள்ளத்தின் மேல் புதிய கார்பன் போட்டால் விரைவில் தேய்ந்துவிடும். வாக்குவம் பம்ப் உள்ள டீசல் டைனமோவில் பம்பின் ஆயில் சீல் கசிந்து கார்பனை நனைத்திருந்தால், சீலை மாற்றாமல் கார்பனை மட்டும் மாற்றுவது வீண். இந்த இடத்திலிருந்து வேலை எலக்ட்ரீஷியனுடையது. கழற்றிய டைனமோவை மேசையில் சுற்றிப் பார்த்து, டயோடு, காயில், பேரிங் ஆகியவற்றின் நிலையைச் சொல்லும்படி கேளுங்கள். இரண்டுக்கு மேல் போயிருந்தால் முழு டைனமோவாக மாற்றுவதே பெரும்பாலும் கட்டுப்படியாகும்.

## விளக்கு மங்கலாக, இரவில் மட்டும் தெரியும் அளவுக்கு எரிகிறது

இந்த அறிகுறியில்தான் நல்ல டைனமோக்கள் அநியாயமாகக் கழற்றப்படுகின்றன. ஆகவே ஒரு வண்டியின் கதையை அளவுகளோடு சொல்கிறேன்.

பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிய ஒரு டீசல் கார். மீட்டர் போர்டில் எல்.ஈ.டி. அல்லாமல் உண்மையான பல்பு உள்ள வகை. பகலில் ஒன்றும் தெரியாது. இரவில் ஹெட்லைட் போட்டால் பேட்டரி விளக்கு தணல்போல் லேசாகச் சிவக்கும். ஒரு மாதமாகக் காலையில் செல்ஃப் இழுப்பது மெதுவாகிக்கொண்டே வந்திருக்கிறது. வேறோர் இடத்தில் பேட்டரியில் மட்டும் அளந்து பார்த்துவிட்டு டைனமோவை மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

நின்ற நிலையில் 12.21 வந்தது. இன்ஜினை 2000 சுற்றில் பிடித்து, ஹை பீமும் விசிறியும் போட்டபோது பேட்டரிக் கம்பங்களுக்கு இடையே 12.83. இதோடு நிறுத்தினால் தீர்ப்பு டைனமோவுக்கு எதிராகத்தான் போகும். ஆனால் அதே நிலையில் சிவப்பு முனையைப் பி பிளஸ் நட்டிலும் கருப்பு முனையை டைனமோவின் உலோக உடம்பிலும் வைத்தபோது 14.52 வந்தது. டைனமோ நன்றாகவே உண்டாக்குகிறது, 1.69 வோல்ட் வழியில் தொலைகிறது.

எந்த வழியில் என்று பார்ப்பது எளிது. இன்ஜின் ஓட, சுமை இருக்க, சிவப்பு முனையைப் பி பிளஸ் நட்டிலும் கருப்பு முனையைப் பேட்டரியின் பிளஸ் கம்பத்திலும் வைத்தால், போகும் வழியில் தொலைவது நேரே திரையில் வந்துவிடும். அங்கே 1.62 வந்தது. பேட்டரியின் மைனஸ் கம்பத்துக்கும் டைனமோவின் உடம்புக்கும் இடையே 0.07 மட்டுமே. ஆகவே எர்த் நன்றாக இருக்கிறது. குறை பிளஸ் பக்கத்தில். நல்ல நிலையில் உள்ள வண்டியில் பிளஸ் பக்கம் 0.3-க்குள்ளும் எர்த் பக்கம் 0.2-க்குள்ளும் இருக்க வேண்டும்.

அடுத்து அந்த 1.62-ஐத் துண்டு துண்டாகப் பிரித்தோம். பி பிளஸ் நட்டிலிருந்து பியூஸ் பெட்டியின் வாசல் வரை 0.05. பியூஸ் பெட்டியிலிருந்து பேட்டரி வரை 0.08. நடுவே, பெரிய பியூஸோடு வயரின் முனை வளையமான திம்பிளை இறுக்கியிருந்த ஒரே ஒரு நட்டைத் தாண்டுவதற்கு 1.49. மூடியைத் திறந்தபோது அந்த நட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது. திம்பிள் கையால் ஆட்டினாலே அசைந்தது. சுமை ஏறியபோது அந்த வழியில் 30 ஆம்பியர் அளவுக்கு ஓடியிருக்கும் என்று கொண்டால், ஒன்றரை வோல்ட்டைப் பெருக்கினால் 45 வாட். பழைய சால்டரிங் அயர்ன் ஒன்றை அந்தப் பெட்டிக்குள் சூடாக விட்டு வைத்ததற்குச் சமம்.

விளக்கு ஏன் மங்கலாக எரிந்தது என்பதும் இதிலிருந்தே தெரிந்துவிடுகிறது. அந்தப் பல்பின் ஒரு முனை சாவி வழியாகப் பேட்டரிப் பக்கத்தையும், மறுமுனை டைனமோவையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒரே வோல்டேஜில் இருந்தால் பல்பு எரியாது. இங்கே ஒரு பக்கம் 12.8, மறுபக்கம் 14.5. இடையே உள்ள ஒன்றரைச் சொச்சம் வோல்ட் 12 வோல்ட் பல்பைத் தணலாக்கப் போதுமானது.

பேட்டரியின் மைனஸைக் கழற்றிவிட்டு, கருகிய முனையை நறுக்கி, புதிய செப்புத் திம்பிளை அழுத்திப் பொருத்தி, பியூஸையும் அதே எண்ணில் புதிதாகப் போட்டோம். சில நூறு ரூபாயோடு முடிந்தது. அதே சுமையில் மறுபடி அளந்தபோது டைனமோவில் 14.47, பேட்டரியில் 14.28. இடைவெளி 0.19 ஆகச் சுருங்கியிருந்தது.

இந்த இரண்டு இழப்பு அளவுகளும் சரியாக இருந்து, பி பிளஸ் நட்டிலேயே சுமையில் 13-ஐ ஒட்டித்தான் வருகிறது என்றால், மங்கல் விளக்குக்கு இரண்டாவது காரணம் டைனமோவுக்குள் ஏதோ ஒரு டயோடு போயிருப்பது. ரேடியோவில் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் சிணுங்கல், இரவில் காரணமின்றிப் பேட்டரி இறங்குதல் ஆகியவை அதன் துணை அறிகுறிகள். நல்ல மீட்டர் இருந்தால் ஏசி வோல்ட் அளவில் வைத்து, சுமையோடு பேட்டரியில் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வந்தால் டயோடுதான். இரு நூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மஞ்சள் மீட்டரில் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம். அவற்றில் பல, ஏசி அளவில் வைத்து நல்ல பேட்டரியைத் தொட்டாலே 25 வோல்ட்டுக்கு மேல் காட்டும். முனைகளை மாற்றித் தொட்டால் பூஜ்யம் காட்டும். மீட்டரின் அமைப்பு அப்படி; காரின் குறை அன்று.

## விளக்கு எரிகிறது; ஆனால் பேட்டரியில் சுமையோடும் 14 வோல்ட் வருகிறது

பேட்டரிக்குக் குறை இல்லை. ஆகவே இரவில் வழியில் நின்றுபோகும் அச்சம் உடனே இல்லை. சாவி ஆன் நிலையில் சிறிய சாக்கெட்டைப் பிடுங்கும் மேற்சொன்ன சோதனையை இங்கும் செய்யுங்கள். விளக்கு அணையாவிட்டால் வயர் பாடியைத் தொடுகிறது. அணைந்தால் ரெகுலேட்டர் ஏதோ ஒரு குறையை உணர்ந்து விளக்கை எரிய வைக்கிறது, அல்லது ரெகுலேட்டரே பழுதாகிக்கொண்டிருக்கிறது. சில டைனமோக்களில் பேட்டரியின் வோல்டேஜைத் தனியே பார்த்துக்கொள்ள ஒரு மெல்லிய வயர் இதே சாக்கெட்டுக்கு வருகிறது. அதன் பியூஸ் அறுந்தாலும் விளக்கு எரியும். காரின் கையேட்டில் அந்தப் பியூஸைக் கண்டுபிடித்துப் பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடலாம்.

## விளக்கு எரிகிறது. பேட்டரியில் 15 வோல்ட்டுக்கு மேல்

சார்ஜ் குறைந்தால் மட்டுமே விளக்கு எரியும் என்று பலர் நினைக்கிறார்கள். வோல்டேஜ் மிஞ்சினாலும் எரியும்படி அமைத்த ரெகுலேட்டர்கள் உண்டு. பேட்டரியின் அருகே அழுகிய முட்டை நாற்றம், மூடிகளைச் சுற்றி ஈரம், அடிக்கடி எரிந்துபோகும் ஹெட்லைட் பல்புகள் ஆகியவை இதை உறுதிப்படுத்தும். அந்த நாற்றம் வரும் இடத்தில் தீப்பொறி ஆகாது; வெடிக்கக்கூடிய வாயுவும் அங்கே இருக்கும். இன்ஜினை அணைத்து, பானெட்டைத் திறந்து, காற்றோட விட்டுப் பிறகே வயரைத் தொடுங்கள்.

வீட்டில் பார்க்கக் கூடியவை இரண்டுதான். மேற்சொன்ன மெல்லிய வயரின் பியூஸ் ஒன்று. டைனமோவின் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே உள்ள எர்த் இழப்பு மற்றொன்று. இரண்டும் சரி என்றால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. பட்டறை அருகில் இருந்தால் ஹெட்லைட்டையும் விசிறியையும் போட்டு வோல்டேஜை இறக்கி மெதுவாக ஓட்டிச் செல்லலாம். தொலைவு என்றால் இழுத்துச் செல்வதே நல்லது. 16-ஐத் தாண்டினால் ஓட்டவே வேண்டாம். இங்கே மிச்சம் பிடிக்கும் தொகை, கணினி எரிந்தால் ஆகும் செலவுக்கு முன் ஒன்றுமில்லை.

## மழையிலோ மேடு பள்ளத்திலோ மட்டும் மினுக்குகிறது

மழைநீர் தேங்கிய சாலையில் மினுக்கி, காய்ந்ததும் அணைந்துவிட்டால் பெல்ட் நனைந்து வழுக்கியிருக்கிறது. புதிய பெல்ட்டும் சரியான இறுக்கமும் போதும். தண்ணீர் டைனமோவையே மூழ்கடித்த வண்டி வேறு வகை. அது வெள்ளத்தில் நின்ற மறுநாள் நன்றாக ஓடி, சில வாரம் கழித்துப் பேரிங் ஊளையிட்டு, கார்பன் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைக் கழற்றிக் காயவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேடு பள்ளத்தில் மினுக்கினால், இன்ஜின் ஓட ஒருவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றொருவர் சிறிய சாக்கெட்டின் வயர்களை உலர்ந்த கட்டையால் அசைத்துப் பாருங்கள். வோல்டேஜ் விழுந்தால் இடம் கிடைத்துவிட்டது.

## கணினி கட்டுப்படுத்தும் புதிய கார்கள்

பேட்டரியின் மைனஸ் கிளாம்பில் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார் ஒட்டியிருந்தால், உங்கள் வண்டியில் எவ்வளவு சார்ஜ் ஏற்ற வேண்டும் என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. பேட்டரி நிறைந்திருக்கும்போது எரிபொருளை மிச்சப்படுத்தக் கணினி டைனமோவைத் தளர்த்திவிடும், அப்போது 12.8 காட்டுவது இயல்பு. ஆக்சிலரேட்டரை விட்டதும் 14.8-க்கும் ஏறலாம். ஆகவே இத்தகைய வண்டியில் ஹை பீமைப் போட்டுச் சில நிமிடம் பொறுத்து எடுக்கும் மூன்றாவது அளவை மட்டுமே கணக்கில் கொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவர் காந்தச் சோதனையும், சாக்கெட்டைப் பிடுங்கும் சோதனையும் இவற்றில் பொருந்தா. விளக்கை எரிய வைப்பதும் கணினியே என்பதால், சாக்கெட்டைப் பிடுங்கினால் விளக்கு அணைவதற்குப் பதில் எரியும், பிழைக் குறியும் பதிவாகும்.

பெல்ட், பேட்டரிக் கம்பம், பி பிளஸ் நட்டில் வோல்டேஜ், இரு பக்க இழப்பு ஆகிய நான்கையும் இவற்றிலும் நீங்களே பார்க்கலாம். அவை சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் உள்ள பட்டறைக்குப் போகும் நேரம் வந்துவிட்டது. டைனமோவே செல்ஃப் வேலையையும் செய்யும் மைல்டு ஹைபிரிட் வண்டிகளில், பேட்டரியில் மூன்று அளவுகளை எடுப்பதற்கு மேல் வீட்டில் எதையும் தொட வேண்டாம். பட்டறைக்குப் போகும்போது எடுத்த அளவுகளைத் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். எந்தச் சுற்றில், எந்தச் சுமையில், எந்த இரண்டு இடங்களுக்கு இடையே என்பதோடு எழுதியிருந்தால், பேட்டரியில் மட்டும் அளந்து டைனமோவைக் கழற்றும் வேலையை அங்கே எவரும் தொடங்க மாட்டார்கள்.